ஆர்டர் கூடியது, கையில் மிச்சம் குறைந்தது: டெலிவரி ஆப் விளம்பரத்தைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

திருச்சி தில்லைநகரில் எனக்குத் தெரிந்த ஒருவர் சின்ன பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய டெலிவரிக் கணக்கை வாரம் ஒருமுறை நான் பார்த்துத் தருவேன். போன ஜூன் கடைசியில் போனவுடனே செல்போனை நீட்டினார். “பாருங்க தம்பி, விளம்பரத்துக்குப் போட்ட காசு ஏழரை மடங்குக்கு மேல திரும்ப வந்திருக்கு. இன்னும் போடலாமா?”

திரையில் ROAS, அதாவது விளம்பரச் செலவைப் போல எத்தனை மடங்கு விற்பனை என்ற எண், 7.7 என்று இருந்தது. வாரம் 4,000 ரூபாய் விளம்பரம், அதன் வழியாக 96 ஆர்டர், 30,720 ரூபாய் விற்பனை. அந்த மாதம் தினசரி ஆர்டர் 38-லிருந்து 53 ஆகியிருந்தது. வங்கிக்கு வரும் வாரப் பணமும் ஏறியிருந்தது. அவர் சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த ஒரே மாதத்தில் மூன்று விஷயங்கள் நடந்திருந்தன. 5-ம் தேதி விளம்பரம் ஆரம்பித்தார். 12-ம் தேதி, ஆப் தரப்பிலிருந்து பேசியவர் சொன்னதைக் கேட்டுத் தள்ளுபடி போட்டார். 16-ம் தேதி வாக்கில் கடையின் ரேட்டிங் 3.9-லிருந்து 4.0-க்கு வந்தது. ஏறிய 15 ஆர்டரில் எது எதனால் வந்தது? ஆப் காட்டும் திரை இதற்குப் பதில் சொல்லாது. விளம்பரத்தைத் தொட்டுவிட்டு ஆர்டர் செய்தவர்கள் எல்லோரையும் அது விளம்பரத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். கடைப் பெயரைத் தட்டச்சு செய்து தேடி வந்த பழைய வாடிக்கையாளர், மேலே முதலில் தெரிந்த விளம்பரப் பெட்டியைத் தொட்டாலும் அது விளம்பர ஆர்டர்தான். அவர் எப்படியும் வாங்கியிருப்பார்.

அதனால் நாம் தேட வேண்டிய எண் ஒன்றே ஒன்று: விளம்பரம் இல்லாவிட்டால் வந்திருக்காத ஆர்டர் எத்தனை? நாங்கள் அதைக் கண்டுபிடித்த வழியை அப்படியே எழுதுகிறேன்.

முதலில், ஒரு ஆர்டரில் என்ன மிஞ்சுகிறது?

விளம்பரத்தைத் தொடும் முன்பு இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். வாடகை, சம்பளம், கரண்ட் எதையும் இதில் சேர்க்க வேண்டாம். இன்னொரு ஆர்டர் வந்தால் வாடகை ஏறாது. ஆர்டரோடு சேர்ந்து ஏறும் செலவு மட்டும் போதும்.

எங்கள் கடையில் சராசரி பில் 320 ரூபாய். தள்ளுபடியில் கடையின் பங்கு சராசரி 40. மிச்சம் 280. இதில் 22 சதவீதம் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து 73. பணப் பரிவர்த்தனைக் கட்டணம் 6. அரிசி, கறி, எண்ணெய், மசாலா எல்லாம் 115. டப்பா, கவர், தால்ச்சாவுக்கும் தயிர்ப் பச்சடிக்குமான சின்ன டப்பாக்கள் சேர்த்து 14. ரத்து, திருப்பிக் கொடுத்தது என்று ஆர்டருக்குச் சராசரி 2. ஆக மிஞ்சுவது 70 ரூபாய்.

உங்கள் ஒப்பந்தத்தில் கமிஷன் எந்தத் தொகையின் மேல் பிடிக்கப்படுகிறது என்பதைப் படித்துப் பாருங்கள். கடையின் தள்ளுபடி போக மீதியிலா, மெனு விலையிலா, பேக்கிங் கட்டணமும் அதில் சேருமா என்பதைப் பொறுத்து இந்த 70 மாறிவிடும். நினைவிலிருந்து சொல்லாமல், வாரப் பணம் வரும்போது இறக்கிக்கொள்ளும் கணக்கு அறிக்கையில் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 5 சதவீத ஜிஎஸ்டியில் இருக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது, அதாவது செலவுகளில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆப் வழியாக விற்கும் சாப்பாட்டுக்கான 5 சதவீதத்தை 2022 ஜனவரி 1 முதல் ஆப்களே அரசுக்குக் கட்டுகின்றன. ஆனால் விளம்பரக் கட்டணத்தின் மேல் வரும் 18 சதவீதத்தை நீங்கள் எங்கேயும் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் 4,000 ரூபாய் விளம்பரம் உண்மையில் 4,720 ரூபாய் செலவு. திரையில் தெரியும் மடங்குக் கணக்கில் இந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குச் சேரவில்லை.

சரி, 4,720-ஐ 70-ஆல் வகுத்தால் 67.4. வாரத்துக்கு 68 ஆர்டராவது புதிதாக வந்தால்தான் போட்ட காசு திரும்பும். திரை 96 என்கிறது. அது உண்மையென்றால் வாரம் 2,000 ரூபாய் லாபம். ஏழரை மடங்கு என்று கேட்டதற்கும் 2,000 ரூபாய்க்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததும் கடைக்கார அண்ணன் முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் அணைத்துப் பார்ப்பது

‘விளம்பரத்துக்கு முன், விளம்பரத்துக்குப் பின்’ என்று ஒப்பிட்டால் ஏமாறுவோம். முன்னும் பின்னும் வேறு நூறு விஷயங்கள் மாறியிருக்கும். அதற்குப் பதிலாக விளம்பரத்தை மட்டும் போட்டும் அணைத்தும் பார்க்க வேண்டும். மற்ற எதையும் தொடக்கூடாது. விலை, மெனு, தள்ளுபடி, கடை நேரம், முகப்புப் படம் எல்லாம் நான்கு வாரத்துக்கு அப்படியே இருக்கட்டும்.

வெள்ளியும் ஞாயிறும் ஓடும் ஓட்டம் செவ்வாயில் இருக்காது. அதனால் ஒவ்வொரு கிழமையும் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு விளம்பரம் உண்டு. இரண்டாம் வாரம் செவ்வாய், வியாழன், சனி மட்டும் உண்டு. மூன்றாம் வாரம் முதல் வாரம் போல, நான்காம் வாரம் இரண்டாவது போல. 28 நாளில் 14 நாள் உண்டு, 14 நாள் இல்லை. ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறை உண்டு, இரண்டு முறை இல்லை.

காலம் பார்த்து ஆரம்பியுங்கள். அசைவக் கடை என்றால் புரட்டாசி உள்ளே வந்துவிடக் கூடாது. நாங்கள் ஜூலையில் நான்கு வாரம் எடுத்துக்கொண்டோம்.

தினமும் ஒரு வரி எழுத வேண்டும். கூகுள் ஷீட்டில் A தேதி, B கிழமை, C விளம்பரம் உண்டா என்பதற்கு 1 அல்லது 0, D அன்றைய மொத்த டெலிவரி ஆர்டர், E தள்ளுபடியில் கடை பங்கு, F மூன்றும் அதற்குக் கீழும் வந்த ரேட்டிங் எத்தனை, G அன்று ஏதாவது விசேஷமா என்பதற்கு 1 அல்லது 0. அடைமழை, ஆப் முடங்கியது, மாஸ்டர் வரவில்லை, இதெல்லாம் G-யில் 1.

D-யில் ‘விளம்பர ஆர்டர்’ என்று ஆப் சொல்வதை எழுத வேண்டாம். மொத்த ஆர்டரை எழுதுங்கள். ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டிலும் கடை இருந்தால் இரண்டையும் கூட்டி எழுதுங்கள். ஒன்றில் விளம்பரம் போட்டதால் மற்றொன்றில் வாங்குபவர் இங்கே வந்து வாங்கினால் நமக்கு அது கூடுதல் ஆர்டர் அல்ல, இடம் மாறிய ஆர்டர். போனில் அழைத்துப் பார்சல் வாங்குபவர்களையும் ஒரு ஓரத்தில் எண்ணி வையுங்கள்.

கடைசியில் இந்த ஒரு வரி போதும்:

```
=AVERAGEIFS(D:D,C:C,1,G:G,0)-AVERAGEIFS(D:D,C:C,0,G:G,0)
```

விளம்பரம் இருந்த நாளின் சராசரியிலிருந்து இல்லாத நாளின் சராசரியை இது கழிக்கும். விசேஷ நாளை விட்டுவிடும். ஒரு வெள்ளியை விட்டால் எதிர்ப்பக்கத்து வெள்ளி ஒன்றையும் G-யில் 1 போட்டு விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சமன் கெட்டுப்போகும்.

எங்களுக்கு வந்தது இது. விளம்பரம் இருந்த 14 நாளில் 742 ஆர்டர், நாளுக்கு 53. இல்லாத 14 நாளில் 616, நாளுக்கு 44. வித்தியாசம் 126. இதே 14 நாளுக்கு ஆப் தன் கணக்கில் எழுதிக்கொண்ட விளம்பர ஆர்டர் 192. அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆர்டர் விளம்பரம் இல்லாமலேயே வந்திருக்கும்.

126 ஆர்டரில் தலா 70 மிஞ்சினால் 8,820. விளம்பரச் செலவு வரியோடு 9,440. இரண்டு வாரத்துக்கு 620 ரூபாய் நஷ்டம். ஏழரை மடங்கு என்று திரை சொல்லிக்கொண்டிருந்த அதே விளம்பரம்தான் இது.

இந்த 126-ஐ எவ்வளவு நம்பலாம்?

முழுதாக நம்பக்கூடாது. விளம்பரமே இல்லாத இரண்டு வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு ஒன்றில் 49, இன்னொன்றில் 61 வந்தது. காரணமே இல்லாமல் 12 ஆர்டர் ஆடுகிறது. அப்படியானால் 9 ஆர்டர் வித்தியாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது?

ஒரு முரட்டுக் கணக்கு உண்டு. இரண்டு பக்கத்து ஆர்டரையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 742-உம் 616-உம் சேர்ந்து 1,358. வர்க்கமூலம் ஏறத்தாழ 37, இரட்டித்தால் 74. இதை 126-லிருந்து கழித்தால் 52, கூட்டினால் 200. ஆக உண்மையான வித்தியாசம் 52-லிருந்து 200 வரை எங்கேயும் இருக்கலாம். நிஜத்தில் மழை, மேட்ச், சம்பளத் தேதி எல்லாம் இருப்பதால் இதைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும். எங்களுக்குக் காசு திரும்ப 135 ஆர்டர் வேண்டும். அது இந்த எல்லைக்கு நடுவிலேயே கிடக்கிறது. எனவே ‘விளம்பரம் நஷ்டம்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. ‘கிட்டத்தட்ட கைக்கும் வாய்க்கும் சரி, திரை சொல்லும் அளவுக்கு நிச்சயம் இல்லை’ என்பதுதான் நேர்மையான முடிவு. எல்லையைப் பாதியாகச் சுருக்க நான்கு மடங்கு நாள் வேண்டும். சின்னக் கடைக்கு அது நடக்காத காரியம். ஆகவே சில்லறை வித்தியாசங்களைத் துரத்தாமல், பெரிதாக எது அடிக்கிறது என்று தேடுவதே புத்திசாலித்தனம்.

இந்த முறைக்கு ஒரு ஓட்டையும் உண்டு. இன்று விளம்பரம் பார்த்து வந்த புது ஆள், நான்கு நாள் கழித்து விளம்பரம் இல்லாத நாளில் தானாக வரலாம். அந்த ஆர்டர் எதிர்ப்பக்கத்தில் விழுந்து வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டும். எங்கள் 620 ரூபாய் நஷ்டத்தை ஈடுகட்ட இப்படி 9 ஆர்டர் வந்தாலே போதும். புது வாடிக்கையாளர் எத்தனை பேர் என்பதை ஆப் தனியாகக் காட்டும்போது அதையும் குறித்து வைத்தால், இரண்டு மாதம் கழித்து ஓரளவு சொல்ல முடியும்.

தள்ளுபடியைத் தனியாகப் பிரித்தபோது

பெரிதாக அடித்தது இதுதான். விளம்பரம் இல்லாத நாளிலும் 44 ஆர்டர் வருகிறது. ஜூன் ஆரம்பத்தில் 38. அந்த 6 ஆர்டர் தள்ளுபடியாலும் ரேட்டிங்காலும் வந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு இதில் பெருமை. “பாத்தீங்களா, ஆஃபர் வேலை செய்யுது!”

வேலை செய்கிறதுதான். விலை என்ன? தள்ளுபடிக்கு முன்பு 320 ரூபாய் பில்லில் கமிஷனும் வரியும் 83, பரிவர்த்தனைக் கட்டணம் 6, சரக்கு 115, பேக்கிங் 14, திருப்பியது 2. மிஞ்சியது 100 ரூபாய். இப்போது 70. கடை கொடுத்த 40 ரூபாயில் கமிஷன் குறைந்ததால் ஒரு 10 ரூபாய் திரும்பி வந்தது, மீதி 30 போனது. பில் தொகையும் ஏறவில்லை.

38 ஆர்டர், தலா 100 என்றால் நாளுக்கு 3,800. 44 ஆர்டர், தலா 70 என்றால் 3,080. நாளுக்கு 720 ரூபாய் குறைவு. விளம்பரத்தில் போனது இரண்டு வாரத்துக்கு 620. தள்ளுபடியில் ஒரே நாளுக்கு 720! பழைய 3,800-ஐ எட்ட நாளுக்கு 55 ஆர்டர் வேண்டியிருந்தது.

விளம்பரம், தள்ளுபடி இரண்டும் ஓடிய நாளை எடுத்துக்கொண்டால் 53 ஆர்டர், 3,710 ரூபாய். அதில் அன்றைய விளம்பரச் செலவு 674 போனால் 3,036. ஆனால் வங்கிக்கு வரும் தொகை நாளுக்குச் சுமார் 8,800-லிருந்து 10,000 ஆகியிருந்தது. வாரக் கடைசியில் அந்த எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கறிக்கடைக்காரருக்கும் டப்பாக் கடைக்கும் கூடுதலாகப் போனது வேறொரு நோட்டில் இருக்கிறது. ஆட்கள் கூடுதலாக உழைத்தார்கள், கையில் குறைந்தது.

தள்ளுபடி இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்கும். அது வந்ததும் விளம்பரத்தின் எண்கள் அழகாகிவிடும். ஆப் காட்டும் படிகளைப் பிரித்துப் பாருங்கள்: பட்டியலில் கடை தெரிந்தது எத்தனை முறை, கடைப் பக்கத்தைத் திறந்தவர் எத்தனை, ஆர்டர் கொடுத்தவர் எத்தனை. விளம்பரம் தள்ளுவது முதல் படியைத்தான். திறந்தவரில் வாங்கியவர் விகிதம் திடீரென ஏறினால், பெரும்பாலும் விலை, தள்ளுபடி, ரேட்டிங், டெலிவரி நேரம் இவற்றில் ஒன்று மாறியிருக்கும். அந்தப் பெருமை விளம்பரத்துக்குச் சேராது.

தள்ளுபடியை ஒருநாள் விட்டு ஒருநாள் சோதிக்க வேண்டாம். நேற்று 40 ரூபாய் குறைவாக வாங்கியவர் இன்று முழு விலை பார்த்தால் நாளைக்குக் காத்திருப்பார், அல்லது திட்டுவார். இரண்டு வாரம் உண்டு, இரண்டு வாரம் இல்லை என்று கட்டம் கட்டமாகத்தான் பார்க்க முடியும். அதனால் மேலே சொன்ன ஜூன், ஜூலை ஒப்பீடு கெட்டியான சோதனை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 17 ஆர்டர் ஏற வேண்டிய இடத்தில் 6 ஏறியிருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு நுணுக்கமான சோதனை தேவையில்லை.

ரேட்டிங், மெதுவாக அடிக்கும்

இரண்டு ஆப்களிலும் 4.0-உம் அதற்கு மேலும் உள்ள கடைகளை மட்டும் காட்டு என்ற வடிகட்டி இருக்கிறது. 4.0-லிருந்து 3.9-க்கு இறங்கினால், அதைப் போட்டுத் தேடுபவர் கண்ணில் கடை இல்லை. 4.3-லிருந்து 4.2 ஆவது அவ்வளவு வலிக்காது. எங்கள் கடை சரியாக அந்த விளிம்பில் நின்றது.

F பத்தியைப் பார்த்தோம். விளம்பரம் இருந்த நாட்களில் 118 பேர் ரேட்டிங் கொடுத்திருந்தார்கள், அதில் 26 பேர் மூன்றோ அதற்குக் கீழோ. இல்லாத நாட்களில் 97 பேரில் 11. ஒரே கறி, ஒரே மாஸ்டர், ஒரே மசாலா. பின் ஏன் இரட்டிப்பு?

அந்த 26 ஆர்டரின் நேரத்தை ஒவ்வொன்றாக எடுத்தோம். 17 ஆர்டர் இரவு எட்டிலிருந்து ஒன்பதரைக்குள். பிரியாணி மதியமே தம் போட்டு இறக்கியாகிவிடும், அதில் தாமதம் இல்லை. சிக்கன் 65 போடும் அடுப்பு ஒன்று, பார்சல் கட்டும் பையன் ஒருவன். அந்த நேரத்தில் மணிக்கு 9 ஆர்டர் வந்தால் சமாளிப்பான். விளம்பர நாளில் 14 வந்தது. தயாராகும் நேரம் 17 நிமிடத்திலிருந்து 26 ஆனது. டெலிவரிப் பையன்கள் வாசலில் அவசரப்படுத்த, தால்ச்சா ஒன்றில் விடுபட்டது, பச்சடி ஒன்றில் விடுபட்டது. விமர்சனங்களில் பாதி ‘தால்ச்சா வரல’ என்பதுதான்.

காசு கொடுத்து வாங்கிய ஆர்டர் ரேட்டிங்கைக் கீழே இழுக்கிறது. அந்தக் கெட்ட பெயர் விளம்பரம் இல்லாத நாளிலும் கடைப் பக்கத்தில் நிற்கும். அதாவது இரண்டு பக்கத்து ஆர்டரையும் சேர்த்துக் குறைக்கும், எங்கள் வித்தியாசக் கணக்கில் தெரியவே தெரியாது. இதைப் பிடிக்க ஆர்டரை எண்ணிப் பயனில்லை. நேரவாரியாகத் தயாராகும் நிமிடத்தையும், குறைந்த ரேட்டிங்கையும், விடுபட்ட பொருள் புகாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே மணியில் ஏறினால் அந்த மணியில் விளம்பரம் வேண்டாம்.

பிறகு செய்தது

ஆகஸ்டில் இரவு விளம்பரத்தை நிறுத்தி, மதியம் மட்டும் வைத்தோம். செலவு பாதியானது. எல்லோருக்குமான தள்ளுபடியை எடுத்துவிட்டு, 600 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். மொத்த ஆர்டரில் சராசரி போட்டால் தள்ளுபடி 9 ரூபாய்க்கு இறங்கியது, ஒரு ஆர்டரில் மிஞ்சுவது 93 ஆனது. பார்சல் மேசையில் தால்ச்சா டப்பாவை முன்கூட்டியே நிரப்பி அடுக்கி வைக்கச் சொன்னோம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆர்டர் நாளுக்கு 43-க்கு இறங்கியது. அண்ணனுக்கு முதல் வாரம் தூக்கம் இல்லை. 43 ஆர்டர், தலா 93 என்றால் 3,999. மதிய விளம்பரம் 337 போக 3,662. ஜூலையில் 3,036. ஜூனில் இருந்த 3,800-ஐ இன்னும் தொடவில்லை. ஆடி மாதக் கூழ் வார்ப்பும் விரதமும் கொஞ்சம் குறைத்திருக்கலாம், விலை குறைவுக்குப் பழகியவர்கள் சிலர் போயிருக்கலாம். இரண்டையும் பிரிக்க என்னிடம் எண் இல்லை. குறைந்த ரேட்டிங் மட்டும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது.

செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறந்தது, ஆர்டர் சரிந்தது. ஆப் தரப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஆர்டர் குறைகிறதாம், விளம்பரத்தை இரண்டு மடங்காக்கித் தள்ளுபடியையும் திரும்பப் போட வேண்டுமாம். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “சார், எங்க ஊர்ல பாதிப் பேர் இந்த மாசம் கறி தொடமாட்டாங்க. ஐப்பசி பொறக்கட்டும், பேசலாம்.”